பொருளை விளக்கும் பெயர் ஏன் பலவீனமான பெயர்

சத்தம் போடாத ஒரு மின்விசிறியைச் சந்தைக்குக் கொண்டுவர ஒரு சிறு நிறுவனம் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் வைக்கும் கூட்டத்துக்கு விற்பனைப் பிரிவினர் ஒரு பட்டியலோடு வருவார்கள்: ‘சைலன்ட் ஃபேன்’, ‘அமைதிக் காற்று’, ‘குளிர்காற்று’. பெட்டியைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது என்ன, அதை ஏன் வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்குப் புரிந்துவிடும், விளம்பரச் செலவு மிச்சம் என்பது அவர்கள் வாதம். வியாபாரக் கணக்கில் அதில் தப்பே இல்லை. டிரேட்மார்க் சட்டம் மட்டும் இந்தப் பட்டியலைத் தலைகீழாக வாசிக்கும். வாடிக்கையாளருக்கு எந்தப் பெயர் சீக்கிரம் புரிகிறதோ, அந்தப் பெயருக்குத்தான் அது மிகக் குறைந்த பாதுகாப்பைத் தரும்.

இதற்குக் காரணம் டிரேட்மார்க் செய்யும் வேலையில் இருக்கிறது. பொருள் எது என்று சொல்வதல்ல அதன் வேலை; பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று சொல்வதுதான். போன மாதம் வாங்கியது நன்றாக உழைத்தது, அதே ஆள் செய்ததையே மறுபடி வாங்க வேண்டும் என்று நினைக்கும் ஒருவர், அலமாரியில் அதை அடையாளம் கண்டு எடுக்க உதவுகிற குறி அது. அந்தக் குறியை ஒருவருக்கே உரியதாக்கும்போது சட்டம் ஒரு சொல்லை மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ‘முயல்’ என்ற சொல்லை மின்விசிறிச் சந்தையிலிருந்து எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விசிறியைப் பற்றிப் பேச யாருக்கும் முயல் தேவைப்படாது. ‘சைலன்ட்’ அப்படியல்ல. நாளைக்கே இன்னொருவர் சத்தமில்லாத விசிறி செய்தால், அதைச் சொல்ல அவருக்கும் அந்தச் சொல்தான் வேண்டும். போட்டியாளருக்குத் தேவைப்படும் சொல்லை ஒருவர் பெயரில் பட்டா போட்டுக் கொடுக்கச் சட்டம் தயங்கும். தனித்தன்மை பற்றிய எல்லா விதிகளும் இந்தத் தயக்கத்திலிருந்தே வருகின்றன.

பெயர்களின் ஏணி

பெயர்களைப் பலத்தின்படி வரிசைப்படுத்துவதற்கு இன்று பரவலாகப் பயன்படும் அளவுகோல் 1976-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் தெளிவான வடிவம் பெற்றது. ‘சஃபாரி’ என்ற சொல் தனக்கே சொந்தம் என்று ஆபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனம், ஹன்டிங் வேர்ல்ட் என்ற கடைக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஹென்றி ஃபிரண்ட்லி பெயர்களை நான்கு படிகளில் நிறுத்தினார். அடியில் பொதுப்பெயர். அதற்கு மேல் பொருளின் தன்மையை விவரிக்கும் பெயர். அதற்கும் மேல், நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் பெயர். உச்சியில், பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல்லும், அகராதியில் இல்லாமல் புதிதாகப் புனைந்த சொல்லும்.

நம் விசிறிக்கு இந்த ஏணியைச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். ‘மின்விசிறி’ அல்லது ‘ஃபேன்’ என்றே பெயர் வைத்தால் அது பொதுப்பெயர். எத்தனை வருடம் விற்றாலும் யாருக்கும் சொந்தமாகாது. ‘குளிர்காற்று’ விவரிக்கும் பெயர். ‘தென்றல்’ குறிப்பால் உணர்த்தலாம், விவரிக்கவும் செய்யலாம்; அந்தத் தகராறுக்குப் பிறகு வருகிறேன். ‘முயல்’ சம்பந்தமில்லாத சொல். ‘லொவேந்தா’ என்று எதையாவது இட்டுக்கட்டினால் அது புனைந்த சொல்.

இந்தத் தீர்ப்பில் பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஒரு சொல்லுக்கு நிரந்தரமான படி என்று எதுவும் கிடையாது. எந்தப் பொருளின் மேல் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அது ஏறும், இறங்கும். ‘ஐவரி’, அதாவது தந்தம், சோப்புக்குச் சம்பந்தமில்லாத சொல் என்பதால் பலமான பெயர். யானைத் தந்தத்தில் செய்த பொருளுக்கோ அது வெறும் பொதுப்பெயர். ஃபிரண்ட்லியே தந்த உதாரணம் இது. வழக்கின் ‘சஃபாரி’க்கும் அதே கதிதான். காட்டுப் பயணத்தில் அணியும் வகைத் தொப்பிக்கும் மேலங்கிக்கும் அது பொதுப்பெயராகிவிட்டது என்றது நீதிமன்றம். பூட்ஸ் விஷயத்தில் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே “இந்தப் பெயர் பலமானதா?” என்ற கேள்வி பாதிதான். “எதற்கு?” என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

ஜெயித்தும் தோற்ற ஒரு பெயர்

விவரிக்கும் பெயரின் சங்கடம் பதிவு அலுவலகத்தில் மட்டும் வெளிப்படுவதில்லை. அங்கே தப்பித்துவிட்ட பெயர்கூட, போட்டியாளர் வந்து நிற்கும் நாளில் கைவிட்டுவிடும். இதைக் காட்ட 1983-ல் அமெரிக்காவின் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஜாட்டரைன்ஸ் வழக்கைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரிந்து இல்லை.

லூசியானாவைச் சேர்ந்த ஜாட்டரைன்ஸ் நிறுவனம், மீன் பொரிக்கும்போது மேலே பூசுகிற மாவுக் கலவையை ‘ஃபிஷ்-ஃப்ரை’ என்ற பெயரில் விற்றுவந்தது. வழக்கமான ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றிய எழுத்துக்கூட்டல். உச்சரிப்பில் வித்தியாசமே இல்லை. 1962-ல் அதைப் பதிவும் செய்துகொண்டது. கோழிக்கான கலவைக்கு ‘சிக்-ஃப்ரை’ என்று இன்னொரு பெயரை 1976-ல் பதிந்தது. பிறகு வேறு நிறுவனங்கள் தங்கள் கலவைப் பொட்டலங்களில் ‘ஃபிஷ் ஃப்ரை’, ‘சிக்கன் ஃப்ரை’ என்று வழக்கமான எழுத்துக்கூட்டலில் அச்சிட்டு விற்கத் தொடங்கின. கையில் பதிவுச் சான்றிதழோடு ஜாட்டரைன்ஸ் நீதிமன்றம் போனது.

நீதிமன்றம் முதலில் பெயர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தது. அதற்கு எடுத்துக்கொண்ட சோதனைகள் நான்கு. அகராதி அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் சொல்கிறது? பெயரைக் கேட்பவர் பொருளை ஊகிக்கக் கற்பனையைச் செலவிட வேண்டியிருக்கிறதா, யோசிக்காமலே புரிகிறதா? போட்டியாளருக்குத் தன் பொருளை விவரிக்க இந்தச் சொல் தேவைப்படுமா? மற்றவர்கள் ஏற்கெனவே இதைப் பயன்படுத்தி வருகிறார்களா? நான்கிலும் பதில் ஒரே திசையைக் காட்டியது. இரண்டு பெயர்களும் விவரிக்கும் பெயர்களே.

அத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் விவரிக்கும் பெயருக்குச் சட்டம் ஒரு பின்வாசல் வைத்திருக்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டால் மக்கள் மனதில் அந்தச் சொல் ஒரு பொருளின் வர்ணனையாக இல்லாமல் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயராகவே பதிந்துவிட்டால், அது தனித்தன்மையைச் சம்பாதித்துவிட்டதாகக் கொள்ளப்படும். விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, வாடிக்கையாளர் ஆய்வு ஆகியவற்றைக் காட்டி இதை நிரூபிக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் ‘ஃபிஷ்-ஃப்ரை’ இதைச் சம்பாதித்துவிட்டது என்று ஜாட்டரைன்ஸ் நிரூபித்தது. ‘சிக்-ஃப்ரை’க்கு முடியவில்லை, அதன் பதிவே ரத்தானது.

சரி, மீனுக்காவது ஜெயித்தார்களா என்றால், அதுவும் இல்லை. ஒருவர் தன் பொருளை உள்ளபடி விவரிப்பதற்காக, நேர்மையாக, ஒரு சொல்லை அதன் சாதாரண அர்த்தத்தில் பயன்படுத்தினால் அதைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். மீன் பொரிக்கும் கலவையை ‘ஃபிஷ் ஃப்ரை’ என்று போட்டியாளர்கள் அச்சிட்டது அந்த வகையில் சேர்ந்தது. பெயர் பதிவில் இருந்தது, தனித்தன்மை நிரூபணமாகியிருந்தது, அப்படியும் அடுத்தவர் பொட்டலத்திலிருந்து அந்தச் சொல்லை எடுக்க முடியவில்லை.

இங்கிலாந்திலும் இதே அனுபவம் உண்டு. ‘ஆபீஸ் கிளீனிங் சர்வீசஸ்’ என்ற நிறுவனம், ‘ஆபீஸ் கிளீனிங் அசோசியேஷன்’ என்ற பெயரில் தொழில் செய்தவர்களுக்கு எதிராக வழக்காடியது. 1946-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போன அந்த வழக்கில் முதல் நிறுவனம் தோற்றது. எல்லோருக்கும் பொதுவான வர்ணனைச் சொற்களை ஒருவர் தன் பெயராக எடுத்துக்கொண்டால், கொஞ்சம் குழப்பம் வரும் என்பதையும் அவரே சகித்துக்கொள்ள வேண்டும். சிறு வித்தியாசம் இருந்தாலே போதும் என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்ட கொள்கை. கடைசிச் சொல் ஒன்று மாறியதே அங்கே போதுமான வித்தியாசம். பலவீனமான பெயரைச் சுற்றியுள்ள வேலி எவ்வளவு குறுகலானது என்பதை அளக்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டாம்.

‘தென்றல்’ எந்தப் பக்கம்?

விவரிப்பதற்கும் குறிப்பால் உணர்த்துவதற்கும் நடுவே கோடு போடுவதுதான் இந்தத் துறையின் நிரந்தரத் தகராறு. கோட்டின் மேல்பக்கம் விழுந்தால், பயன்பாட்டை நிரூபிக்காமலே பதிவு கிடைக்கும். கீழ்ப்பக்கம் விழுந்தால் பல வருட ஆதாரம் சேர்க்க வேண்டும். எல்லைக் கோட்டில் நிற்கும் பெயருக்கு உதாரணமாக நம் ‘தென்றலை’ எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அதே சோதனைகளுக்கு உட்படுத்துவோம்.

அகராதி தென்றலை தெற்கிலிருந்து வீசும் இளங்காற்று என்கிறது. விசிறி தருவதும் காற்றுதான். ஆனால் இயந்திரம் சுழற்றி அனுப்பும் காற்றைத் தென்றல் என்று யாரும் சொல்வதில்லை. அந்த இனிமையையும் மென்மையையும் விசிறியோடு பொருத்த மனம் ஓர் எட்டு எடுத்து வைக்க வேண்டும். இது பெயருக்குச் சாதகம். போட்டியாளருக்கு இந்தச் சொல் தேவையா? தன் விசிறியை விவரிக்க ‘மென்காற்று’, ‘இதமான காற்று’ என்று அவருக்கு வேறு வழிகள் உண்டு. இதுவும் சாதகம். நான்காவது கேள்வியில்தான் பிரச்சினை. காற்று தொடர்பான எதற்கும் தமிழில் பெயர் தேடும் எவருக்கும் முதலில் நாக்கில் வருகிற சொல் இதுவாகவே இருக்கும். ‘தென்றல் போன்ற காற்று’ என்று விளம்பரங்களில் எழுதுகிறவர்கள் இருந்தால், பதிவு அலுவலர் அந்தப் பக்கங்களை அச்செடுத்து ஆட்சேபக் கடிதத்தோடு இணைத்துவிடுவார். இணையத்தில் பத்து நிமிடம் தேடினால் அலுவலர் என்ன கண்டுபிடிப்பார் என்பதை விண்ணப்பிப்பவரே முன்கூட்டிக் கண்டுகொள்ளலாம். அந்தத் தேடலைச் செய்யாமல் விண்ணப்பம் போடுகிறவர்கள் அதிகம் என்பது வேறு விஷயம்.

என் கணிப்பு: ‘தென்றல்’ கோட்டின் மேல்பக்கமே விழும், ஆனால் மெல்லிய பாதுகாப்போடுதான் விழும். பதிவு கிடைத்தாலும், பக்கத்தில் ‘இளந்தென்றல்’, ‘பூந்தென்றல்’ என்று வருகிறவர்களைத் தடுப்பது பாடாகத்தான் இருக்கும்.

சாடையாகப் பொருளைத் தொடுவது குற்றமல்ல என்பதற்கு 1898-ல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கைச் சொல்லலாம். ஈஸ்ட்மன் நிறுவனம் தன் புகைப்படத் தாளுக்கு ‘சோலியோ’ என்று பெயர் வைத்தது. பதிவு அதிகாரி மறுத்தார். ‘சோல்’ என்றால் சூரியன். புகைப்படத் தாள் ஒளியால் வேலை செய்வது. ஆகவே இது பொருளின் தன்மையைச் சொல்கிறது என்பது அவர் வாதம். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. எங்கோ மறைவாக ஒரு சாடை இருப்பதாலேயே புனைந்த சொல் புனைந்த சொல்லாக இல்லாமல் போய்விடாது என்று சொல்லிப் பதிவை அனுமதித்தது. பெயர் வைப்பவர்களுக்கு இது நல்ல சேதி. பொருளை ஓரக்கண்ணால் பார்க்கும் ஒரு புதுச்சொல், விற்பனைப் பிரிவையும் கொஞ்சம் திருப்திப்படுத்தும், சட்டத்தையும் திருப்திப்படுத்தும்.

பலவீனத்துக்கு ஒட்டுப் போடுவது

பிடித்துப்போன பெயர் பலவீனமானது என்று தெரிந்த பிறகும் அதை விட மனம் வராதவர்கள் நான்கு ஒட்டுகளை முயல்வார்கள்.

முதலாவது எழுத்துக்கூட்டலை மாற்றுவது. ஒரு எழுத்தை இரட்டிப்பது, உயிரெழுத்தை விழுங்குவது, இரண்டு சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டுவது. காதில் விழும்போது வித்தியாசம் இல்லையென்றால் சட்டமும் வித்தியாசம் பார்க்காது. ‘ஃபிஷ்-ஃப்ரை’க்கு நடந்ததை இப்போதுதான் பார்த்தோம்.

இரண்டாவது, பின்னால் ‘டாட் காம்’ சேர்ப்பது. இதில் ‘புக்கிங் டாட் காம்’ 2020-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்தது உண்மைதான். ஜெயித்த விதத்தையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர்களில் 74.8 சதவீதம் பேர் அதை ஒரு பிராண்டாகவே அடையாளம் கண்டார்கள் என்ற ஆய்வு அவர்கள் கையில் இருந்தது. புதிதாகக் கடை திறப்பவரிடம் அப்படி ஓர் எண் இருக்காது. தங்கள் பெயர் விவரிக்கும் வகை, ஆகவே பலவீனமானது, மற்றவர்கள் ‘புக்கிங்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதை அது தடுக்காது என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதும் தீர்ப்பில் இருக்கிறது.

மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது பலித்துவிட்டது போலவே தோன்றும். ‘குளிர்காற்று’ என்ற சொல்லைத் தனியாகப் பதியாமல், நீல வட்டத்துக்குள் மூன்று இறக்கைகளின் படம் வரைந்து, நடுவே அந்தச் சொல்லை அலங்கார எழுத்தில் எழுதி, லோகோவாக விண்ணப்பிப்பார்கள். படம் தனித்தன்மையுள்ளது என்பதால் பதிவு கிடைத்துவிடும். சான்றிதழ் சுவரில் மாட்டப்படும். ஆனால் பதிவானது படமும் சொல்லும் சேர்ந்த மொத்தத் தோற்றம்தான்; அதிலுள்ள வர்ணனைச் சொல்லுக்குத் தனியுரிமை கோரவில்லை என்று சில நாடுகளில் விண்ணப்பதாரரிடமே எழுதி வாங்கிக்கொள்வார்கள், அது பதிவேட்டிலும் இருக்கும். நாளை ஒருவர் சிவப்புச் சதுரத்துக்குள் ‘குளிர்காற்று’ என்று எழுதி விற்றால், சுவரில் இருப்பதைக் காட்டி அவரை நிறுத்துவது கடினம். உங்கள் பதிவு எப்படிப்பட்டது என்று சந்தேகம் இருந்தால் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்: பெயர் சாதாரண எழுத்தில் இருக்கிறதா, படமாக இருக்கிறதா, உரிமை கோராத சொல் ஏதும் கீழே குறிக்கப்பட்டிருக்கிறதா.

வேறு மொழிச் சொல்லை எடுப்பது நான்காவது ஒட்டு. அது நாட்டைப் பொறுத்துப் பலிக்கும், பலிக்காமலும் போகும். ‘மட்ராட்ஸன்’ என்றால் ஜெர்மன் மொழியில் மெத்தைகள். ஸ்பெயினில் மெத்தைக்கே அந்தப் பெயரைப் பதிந்திருந்தார்கள். அங்குள்ள வாடிக்கையாளருக்கு அதன் அர்த்தம் தெரியாது என்றால் பதிவு செல்லும் என்று 2006-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் அணுகுமுறை வேறு. பரவலாகப் பேசப்படும் மொழியின் சொல் என்றால் அலுவலர் முதலில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்.

உச்சிப் படியிலும் எல்லை உண்டு

புனைந்த பெயருக்குச் செவ்வியல் உதாரணம் ‘கோடக்’. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-ல் தன் கேமராவுக்கு வைத்த, எந்த மொழியிலும் அர்த்தமில்லாத சொல். பத்து வருடம் கழித்து இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் சைக்கிளுக்கு ‘கோடக்’ என்று பெயர் வைத்தபோது, ஈஸ்ட்மன் தரப்பு நீதிமன்றம் போய் அதை நிறுத்திவிட்டது. கேமராவும் சைக்கிளும் வேறு வேறு பொருள்கள்தான். ஆனால் வேறு எங்கும் இல்லாத ஒரு சொல்லைச் சைக்கிளில் பார்க்கிறவர், கேமராக்காரர்தான் இதையும் செய்கிறார் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? இந்த நீளத்துக்கு வேலி போட புனைந்த சொல்லால்தான் முடியும்.

சம்பந்தமில்லாத சாதாரணச் சொல்லின் வேலி அவ்வளவு நீளாது. ‘ஆப்பிள்’ என்ற பழப்பெயர் கணினிக்கும் பலம், இசைக்கும் பலம். அதனாலேயே 1968-ல் பீட்டில்ஸ் குழு தொடங்கிய ஆப்பிள் கோர் நிறுவனமும் கணினி நிறுவனமும் நேருக்கு நேர் வந்தன. 1981-ல் கணினிக்காரர் இசைத் தொழிலுக்கு வருவதில்லை என்று சமரசம். கணினிகள் இசைக்கத் தொடங்கியதும் மறுபடி சண்டை. 2007-ல்தான் கடைசி உடன்பாடு. இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று நோக்கி நகரும் என்று 1968-ல் யார் கண்டார்கள்.

உச்சிப் படியில் ஏறியவர் கீழே விழவும் முடியும். ‘எஸ்கலேட்டர்’ ஒருகாலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் டிரேட்மார்க். 1950-ல் அது பொதுப்பெயராகிவிட்டது என்று அமெரிக்கப் பதிவு ரத்தானது. அதற்கு ஆதாரமாக எடுக்கப்பட்டவற்றில் ஓட்டிஸின் சொந்த விளம்பரங்களும் அடக்கம். ‘எலிவேட்டர்’ என்று எழுதுகிற அதே தொனியில் ‘எஸ்கலேட்டர்’ என்றும் அவர்களே எழுதிவந்திருந்தார்கள். புதுப் பெயரோடு பொருளின் பொதுப்பெயரையும் சேர்த்தே அச்சிட வேண்டும், ‘லொவேந்தா மின்விசிறி’ என்று, வெறும் ‘லொவேந்தா’ என்றல்ல, என்று வழக்கறிஞர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பலமான பெயர், ஆனால் காலியாக இருக்கிறதா?

தனித்தன்மை ஒரு கேள்வி. வேறு யாரும் முன்பே எடுத்துக்கொள்ளவில்லையா என்பது தனிக் கேள்வி. ‘முயல்’ விசிறிக்குப் பலமான பெயர்தான், யாரோ ஒருவர் முந்திக்கொண்டு பதிந்திருந்தால் அந்தப் பலம் அவருக்கே உதவும். நிறுவனத்தின் பெயரைப் பதிவு செய்துவிட்டோம், இணைய முகவரி வாங்கிவிட்டோம் என்பதெல்லாம் இங்கே பதிலாகாது. அவை வேறு பதிவேடுகள். அவை கிடைத்துவிட்டதாலேயே டிரேட்மார்க் பதிவேட்டில் அந்தப் பெயர் காலி என்று ஆகிவிடாது.

தேட வேண்டிய இடத்தை முடிவுசெய்வது வகுப்பு. நைஸ் வகைப்பாடு என்ற சர்வதேசப் பட்டியல் எல்லாப் பொருள்களையும் 34 வகுப்புகளிலும், சேவைகளை 11 வகுப்புகளிலும் அடுக்கியிருக்கிறது. நம் மின்விசிறி 11-ஆம் வகுப்பு. இயந்திரத்தோடு பொருத்தும் விசிறி 7-ஆம் வகுப்பு. கையால் வீசிக்கொள்ளும் விசிறி 20-ஆம் வகுப்பில், மரச்சாமான்களோடு உட்கார்ந்திருக்கிறது. ஆக, வகுப்பு என்பது அலுவலக வசதிக்கான பிரிவு. மோதல் இருக்கிறதா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை. வேறு வகுப்பில் இருந்தாலும், ஒரே கடையில் ஒரே ஆள் வாங்கும் பொருள்களென்றால் மோதல் வரலாம். ஆகவே 11-ஐத் தேடியதோடு நிறுத்தாமல் 7-ஐயும், மின்சாதனங்கள் இருக்கும் 9-ஐயும், சில்லறை விற்பனை வரும் 35-ஐயும் பார்ப்பது நல்லது.

எழுத்துக்கு எழுத்து அதே பெயரைத் தேடினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். 1906-ல் ‘பியானோட்டிஸ்ட்’ வழக்கில் நீதிபதி பார்க்கர் சொன்ன முறை இன்றும் பழக்கத்தில் உள்ளது: இரண்டு சொற்களையும் பார்வையாலும் ஒலியாலும் ஒப்பிட வேண்டும், அவை ஒட்டப்படும் பொருளைப் பார்க்க வேண்டும், வாங்கக்கூடியவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டும். ‘லொவேந்தா’வைத் தேடும்போது ‘லோவென்டா’, ‘லவேந்தா’, ‘நொவேந்தா’ எல்லாவற்றையும் தேட வேண்டும். ‘முயல்’ என்றால் அதே அர்த்தமுள்ள பிறமொழிச் சொற்களையும், சொல்லே இல்லாமல் முயல் படம் மட்டும் உள்ள லோகோக்களையும் பார்க்க வேண்டும். உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனம் நடத்தும் உலகளாவிய பிராண்டு தரவுத்தளத்தில் இதை இலவசமாகச் செய்யலாம். ஒவ்வொரு நாட்டின் பதிவேடும் பெரும்பாலும் இணையத்தில் திறந்தே இருக்கிறது. பதிவேட்டில் இல்லாத பெயர்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பதியாமலே பல வருடம் பயன்படுத்தியவருக்கு உரிமை தரும் நாடுகளில், கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் தேடாமல் விட்டால் பிறகு வழக்கு வரும்.

நம் கற்பனை நிறுவனத்தின் பட்டியலில் இப்போது மிஞ்சுவது இரண்டு. ‘முயல்’ நினைவில் நிற்கும், சொல்ல எளிது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விலங்கு என்பதால் ஏதாவதொரு வகுப்பில் யாராவது எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ‘லொவேந்தா’ காலியாக இருக்கும், வேலி நீளமாக விழும். அதை மக்கள் வாயில் நுழைக்க விற்பனைப் பிரிவு வியர்வை சிந்த வேண்டும். வேறு பொருள்களுக்கும் விரியும் எண்ணம் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். விசிறியோடு நிறுத்துவதானால், தேடல் சுத்தமாக வந்தால், முயல் போதும்.

விண்ணப்பத்தில் முதலில் பதிய வேண்டியது வெறும் சொல், எந்த எழுத்துருவும் நிறமும் இல்லாமல். அப்போதுதான் நாளை லோகோவை மாற்றினாலும் உரிமை மாறாது. லோகோவைப் பின்னால் தனியாகப் பதியலாம். பொருள் பட்டியலில் விற்கப்போவதை மட்டும் எழுதுவது நல்லது. பயன்படுத்தாத பொருளுக்கான பதிவை யாரும் ரத்து செய்யக் கேட்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் பயன்படுத்தாமல் விட்டால் போதும். விண்ணப்பம் போட்ட பிறகும் பதிவு உறுதியாகும் முன்னும் பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து போடுவதற்குப் பதிவு முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே போடுவது பல நாடுகளில் குற்றம். முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், தொழிற்சொத்து உரிமைகளுக்கான பாரிஸ் உடன்படிக்கையில் உள்ள வேறு நாடுகளில் விண்ணப்பித்தால், அங்கேயும் அந்த முதல் தேதியே கணக்கில் எடுக்கப்படும். இடையில் வேறொருவர் அங்கே அதே பெயரைக் கேட்டு வரிசையில் நின்றிருந்தாலும் அவர் பின்னால்தான் நிற்க வேண்டும்.